எம்பரஸாதா என்றால் வெட்கம் இல்லை

கேள்வி: வேலை காரணமாக மெக்சிகோ நகரத்துக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆங்கிலம் வழியாகத்தான் ஸ்பானிஷ் கற்கிறேன். போன வாரம் மீட்டிங்குக்குத் தாமதமாகப் போய், வெட்கமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, ஆங்கிலத்தின் எம்பாரஸ்ட் போலவே இருக்கிறதே என்று "எஸ்தோய் எம்பரஸாதா" என்றேன். எல்லோரும் எழுந்து வாழ்த்துச் சொன்னார்கள்! இன்னொரு நாள் நூலகம் எங்கே என்று கேட்க, லிப்ரெரியா என்று சொல்லி, புத்தகக் கடையில் போய் நின்றேன். இப்படிப்பட்ட சொற்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா? - ஒரு வாசகி

பதில்: நீங்கள் சொன்னது, "நான் கர்ப்பமாக இருக்கிறேன்" என்று. ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஸ்பானிஷில் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். இவ்வகைச் சொற்களைப் பொய் நண்பர்கள் என்பார்கள். உருவம் ஒன்று, பொருள் வேறு.

ஆனால் இது தற்செயலான உருவ ஒற்றுமை இல்லை. ஆங்கிலத்தின் எம்பாரஸும் ஸ்பானிஷின் எம்பரஸாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எம்பரஸார் என்றால் முதலில் 'தடுப்பது, இடைஞ்சல் செய்வது'. காலில் கயிறு சுற்றிக்கொண்டால் நடை தடைப்படுமே, அந்த மாதிரி. பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லை ஸ்பானிஷிலிருந்து எடுத்தார்கள், அவர்களிடமிருந்து 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் வாங்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் அது மனத் தடுமாற்றமாகி, பிறகு வெட்கமானது. ஸ்பானிஷிலோ உடலில் சுமை ஏறிய பெண்ணை நாசூக்காகக் குறிக்கும் சொல்லானது. நம் ஊரிலும் நேராகச் சொல்லாமல் 'முழுகாமல் இருக்கிறாள்', 'மாசமாக இருக்கிறாள்' என்பார்களே, அப்படித் தொடங்கி, இன்று மருத்துவமனைப் படிவத்திலும் எழுதும் சாதாரணச் சொல்லாகிவிட்டது.

இந்தக் கதை நமக்குப் புதிதில்லை. தமிழில் சம்சாரம் என்றால் மனைவி. மலையாளத்தில் பேச்சு. நமக்கு அவசரம் என்றால் பதற்றம், மலையாளிக்கு வாய்ப்பு, தெலுங்கருக்குத் தேவை. ஒரே வடசொல்தான், போன வீடுதான் வேறு. ஸ்பானிஷ் பொய் நண்பர்களில் பெரும்பாலானவை இப்படிப் பிரிந்த பங்காளிகள் என்பதால், பொருள் மாறியிருந்தாலும் தொட்டும் தொடாமலும் ஓர் உறவு தெரியும். அந்த உறவுதான் ஆபத்து. முற்றிலும் புரியாத சொல் வந்தால் நிறுத்திக் கேட்போம். புரிந்ததுபோல் தெரிந்தால் கேட்கமாட்டோம்.

கேட்காமல் விட்டதால் ஒரு வாழ்க்கையே போன சம்பவம் உண்டு. 1980-இல், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கியூபப் பின்னணி கொண்ட 18 வயது இளைஞர் ஒருவரை நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். சாப்பிட்ட பர்கர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்த குடும்பத்தார், அவர் 'இன்டாக்ஸிகாதோ' என்றார்கள். சாப்பிட்டதோ குடித்ததோ உடம்புக்கு விஷமாகிவிட்டது என்பது அவர்கள் சொன்ன பொருள். ஆங்கிலக் காதில் விழுந்ததோ இன்டாக்ஸிகேட்டட், அதாவது போதை. போதைமருந்தை அளவுக்கு மீறி எடுத்துவிட்டார் என்று வைத்து மருத்துவம் நடந்தது. உண்மையில் அவருக்கு மூளையில் இரத்தக்கசிவு. அது தெரிய இரண்டு நாளுக்கு மேல் ஆனது, கைகால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தன. இழப்பீட்டுத் தொகை சுமார் 7.1 கோடி டாலர் என்று முடிவானது. அங்கே யாருமே மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவில்லை. சொல் புரிந்துவிட்டது என்றுதான் இரு தரப்பும் நினைத்தது. நீங்கள் இருக்கும் ஊரிலும் ஒருவர் கடல் உணவு சாப்பிட்டு இன்டாக்ஸிகாதோ ஆனார் என்றால், அவர் குடித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, லிப்ரெரியாவுக்கு வருவோம். இதற்குச் சொல்லின் வாலைப் பிடித்தால் போதும். பான் என்றால் ரொட்டி, பனாதெரியா ரொட்டிக் கடை. ஸபாத்தோ என்றால் செருப்பு, ஸபாத்தெரியா செருப்புக் கடை. லிப்ரோ என்றால் புத்தகம், ஆகவே லிப்ரெரியா புத்தகக் கடை. பொருளின் பெயரோடு 'எரியா' ஒட்டியிருந்தால் தமிழில் 'கடை' என்று போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாக வரும். நூலகத்துக்குப் பெயர் பிப்ளியோதெக்கா. உங்கள் ஊரிலேயே இரண்டையும் பார்க்கலாம். நகர மையத்தில் தொன்செலேஸ் தெருவில் வரிசையாக இருக்கும் பழைய புத்தகக் கடைகள் லிப்ரெரியாக்கள். புத்தக அலமாரிகள் அந்தரத்தில் தொங்குவது போல 2006-இல் திறந்த வாஸ்கோன்செலோஸ் நூலகம் பிப்ளியோதெக்கா. முதல் இடத்தில் காசு கொடுக்கவேண்டும், இரண்டாவது இடத்தில் உட்கார்ந்து படிக்கலாம்.

ஆனால் எல்லாச் சொல்லிலும் இப்படி வால் கிடைக்காது. அதற்கு நான் செய்வது, அகராதியை இரு திசையிலும் பார்ப்பது. ஆங்கிலச் சொல்லுக்கு ஸ்பானிஷ் என்ன என்று தேடியதோடு நிற்காமல், கிடைத்த ஸ்பானிஷ் சொல்லை dle.rae.es தளத்தில் தட்டிப் பாருங்கள். ஸ்பானிஷ் மொழிக் கழகத்தின் அகராதி அது, இலவசம். விளக்கமும் ஸ்பானிஷில்தான் இருக்கும் என்பதால் ஆங்கிலம் குறுக்கே வராது. `embarazada` என்று போட்டால், பெண்ணைக் குறித்துச் சொல்வது என்று விளக்கம் தொடங்கும்போதே விஷயம் தெரிந்துவிடும். எல்லாச் சொல்லுக்கும் இதைச் செய்ய நேரம் இருக்காது. நீளமான துறைச் சொற்களை அவ்வளவாகச் சந்தேகப்பட வேண்டாம். அன்றாடம் புழங்கும் சொற்களில்தான் கவனம் வேண்டும். அலுவலகத்தில் முதலில் மாட்டுவது அக்துவால்மென்தே. அதற்கு 'உண்மையில்' என்று பொருள் இல்லை, 'தற்போது' என்றே பொருள்.

உணர்ச்சிகளைச் சொல்லும்போது மட்டும் ஆங்கிலத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தமிழிலிருந்து நேராகப் போங்கள். ஆங்கிலத்தில் 'நான்' வெட்கப்பட்ட ஆள். தமிழில் 'எனக்கு' வெட்கமாக இருக்கிறது. ஸ்பானிஷும் பல இடங்களில் நம் பக்கம்தான். மே குஸ்தா என்றால் எனக்குப் பிடிக்கும். மே துவெலே லா கபெஸா என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. அந்த 'மே'தான் நம்முடைய 'எனக்கு'. அதேபோல மெக்சிகோவில் வெட்கத்துக்கு மே தா பெனா என்பார்கள், 'எனக்கு வெட்கம் தருகிறது' என்று. எஸ்தோய் என்று தொடங்கினால்தான் எம்பரஸாதா வந்து வாயில் ஏறிக்கொள்கிறது. 'மே தா' என்று தொடங்கினால் அதற்கு இடமே இல்லை.

இந்தப் பெனாவிலும் இரண்டு விஷயம் இருக்கிறது. ஸ்பெயினுக்குப் போனால் அதற்கு வருத்தம், பரிதாபம் என்றுதான் பொருள், வெட்கத்துக்கு அங்கே பெர்குவென்ஸா என்று சொல்லவேண்டும். அப்புறம், நாம் எழுதும் பேனாவோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் பேனா, இறகைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது, இறகு முனையால் எழுதிய காலத்துச் சொல். ஸ்பானிஷ் பெனாவோ தண்டனையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் பிள்ளை.

அடுத்த முறை மீட்டிங்குக்குத் தாமதமானால் இதைச் சொல்லுங்கள்: "பெர்தோன் போர் யெகார் தார்தே, கே பெனா." தாமதத்துக்கு மன்னிக்கவும், ரொம்ப வெட்கமாக இருக்கிறது.