தை மாதக் கல்யாணத்துக்குள் தாடி அடர்ந்துவிடுமா?

கடந்த சில வாரங்களாக வந்த கேள்விகளில், முடி வளர்வதற்குப் பூசும் மினாக்ஸிடில் மருந்தைத் தாடிக்குப் போடுவது பற்றியவைதான் அதிகம். அவற்றில் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு 26 வயது. மீசை நன்றாக இருக்கிறது, கன்னத்தில்தான் திட்டுத்திட்டாக இடைவெளி. தை மாதம் கல்யாணம். இப்போது புரட்டாசி முடியப்போகிறது. மினாக்ஸிடில் போட்டால் அதற்குள் நிரம்பிவிடுமா? – வாசகர், பள்ளத்தூர்

நிரம்பாது. மூன்றரை மாதம் போதாது. அதோடு, இப்போது தொடங்கினால் நடுவில் ஒரு சங்கடமான கட்டம் வரும்.

தேவகோட்டையிலிருந்து என்னிடம் வந்த 24 வயது இளைஞர் ஒருவருக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். சித்திரையில் 5 சதவீத லோஷன் தொடங்கினார். காலையும் இரவும் அரை மில்லி. ஐந்தாவது வாரம் பதறிப்போய் வந்தார். முகம் கழுவும்போது இருந்த முடியும் கையோடு வருகிறது என்றார். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஓய்வில் இருக்கும் முடி வேர்களை மினாக்ஸிடில் வளரும் கட்டத்துக்குத் தள்ளுகிறது. புது முடி கிளம்பும்போது பழையது கழன்று விழும். பெரும்பாலும் இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் இது தொடங்கி அடங்கிவிடும். பயந்து நிறுத்துகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் நிறுத்துகிறார்கள்.

மூன்றாம் மாதம் அவர் கன்னத்தில் பூனைமுடி தெரிந்தது. மெல்லியது, நிறமில்லாதது, வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். ஆறாம் மாதம் காதோரம் கறுத்தது. கன்னத்து நடுவில் ஓரளவு அடர்த்தி வந்தபோது ஒன்பது மாதம் தாண்டியிருந்தது. தாடையின் இடது ஓரத்தில் ஒரு சிறு இடம் கடைசிவரை நிரம்பவே இல்லை. மாதம் ஒருமுறை ஒரே ஜன்னல் அருகே, ஒரே நேரத்தில் படம் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது.

தாடிக்கென்று செய்த நல்ல ஆய்வுகள் குறைவு. 2016இல் வெளியான தாய்லாந்து ஆய்வு ஒன்றில் 48 ஆண்கள் 16 வாரம் கலந்துகொண்டார்கள். 3 சதவீத லோஷன் போட்டவர்களுக்கு, மருந்தில்லாத திரவம் போட்டவர்களைவிட தாடி கூடியது. கூடியது என்பதுதான் முடிவு, முகம் நிறைந்தது என்பது அல்ல.

ஆகவே கல்யாணத்துக்குத் தாடியைக் குட்டையாக ஒழுங்கு செய்துகொள்ளுங்கள், இடைவெளி அவ்வளவாகத் தெரியாது. மருந்தைக் கல்யாணம் முடிந்து நிதானமாகத் தொடங்கலாம். 26 வயதில் தாடி இன்னும் தானாகவே அடர்வதற்கும் இடமுண்டு. பலருக்கு முப்பதை ஒட்டித்தான் முழுத் தாடி வருகிறது.

இரண்டு மாதம் முன்பு தாடையில் ரூபாய் நாணயம் அளவுக்கு வழுவழுவென்று ஓர் இடம் விழுந்தது. கடையில் கேட்டு மினாக்ஸிடில் வாங்கிப் போடுகிறேன். இப்போது இரண்டாவது இடமும் விழுந்திருக்கிறது. – வாசகர், கோட்டையூர்

இது அடர்த்திக் குறைவு அல்ல, புழுவெட்டு போல் இருக்கிறது. புழு எதுவும் கிடையாது. உடலின் எதிர்ப்புச் சக்தி முடி வேரையே எதிரியாக நினைத்துத் தாக்குவதால் வருவது. நேற்றுவரை முடி இருந்த இடம், வட்டமாக, வலி இல்லாமல், தோல் பளபளவென்று ஆனால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வேரைத் தாக்குவதை மினாக்ஸிடில் நிறுத்தாது. அதற்கு வேறு மருந்து, சில சமயம் அந்த இடத்திலேயே சிறு ஊசி தேவைப்படும். இரண்டாவது இடம் விழுந்துவிட்டதால் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த இடத்தில் செதிலும் அரிப்பும் இருந்தால் அது படர்தாமரையாகவும் இருக்கலாம். சிறு சோதனையில் தெரிந்துவிடும்.

எனக்கு 34 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். முகத்தில் போடுகிற மருந்துதானே, ஒன்றும் செய்யாது என்கிறான் நண்பன். – வாசகர், காரைக்குடி

மினாக்ஸிடில் பிறந்ததே பிரஷர் மாத்திரையாகத்தான். ரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்து அது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் பிறகு தலைக்குப் பூசும் லோஷனாக மாற்றினார்கள். 1988இல் அமெரிக்காவில் தலை வழுக்கைக்கு அனுமதி கிடைத்தது. தாடிக்கு அந்த அனுமதி இல்லை. மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில்தான் எழுதித் தருகிறோம்.

பூசுவதில் சிறு பங்குதான் ரத்தத்துக்குப் போகும். ஆனால் சவரத்தில் வெட்டுப்பட்ட தோல், பரு உடைந்த தோல், அளவுக்கு மீறிய பூச்சு, இவற்றில் அந்தப் பங்கு கூடும். உங்களுக்கு மாத்திரை எழுதும் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். இதய நோய் உள்ளவர்கள், நெஞ்சுவலி வந்தவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது. 18 வயது ஆகாத பையன்களுக்கும் வேண்டாம்.

யாராக இருந்தாலும், காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தால், எழுந்ததும் தலை சுற்றினால், கணுக்கால் வீங்கினால், மோதிரம் திடீரென்று இறுகினால், சில நாளிலேயே எடை ஏறினால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெறும் அரிப்பும் தோல் வறண்டு உரிவதும் வேறு விஷயம். பெரும்பாலும் லோஷனில் கலந்திருக்கும் புரோபிலீன் கிளைகால்தான் காரணம். நுரையாக வரும் வகையில் பொதுவாக அது இருக்காது, மாற்றிப் பார்க்கலாம்.

மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. முதல் குழந்தைக்கு ஒன்றரை வயது, எந்நேரமும் என் முகத்தோடு முகம் வைத்துத்தான் இருக்கும். பாட்டிலில் மினாக்ஸிடிலோடு ஃபினாஸ்டரைட் என்றும் போட்டிருக்கிறது. – வாசகர், கண்டனூர்

அந்தப் பாட்டிலை இன்றே நிறுத்துங்கள். ஃபினாஸ்டரைட் தலை வழுக்கைக்காகச் சேர்ப்பது. டிஹெச்டி என்ற ஆண் ஹார்மோனை அது குறைக்கிறது. தாடி வளர்வதே அந்த ஹார்மோனால்தான், ஆகவே தாடிக்கு அது எதிர்வேலை. அதைவிட முக்கியம், வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியை ஃபினாஸ்டரைட் பாதிக்கக்கூடும். கர்ப்பிணியின் தோலில் அது படவே கூடாது. கடையில் வாங்குகிற எல்லோரும் பாட்டிலில் உள்ள சிறிய எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வெறும் மினாக்ஸிடிலும் உங்கள் வீட்டுக்கு இப்போது வேண்டாம். அப்பா பூசிய மருந்து பட்டுப் பட்டுக் கைக்குழந்தைகளின் உடம்பில் முடி அடர்ந்த சம்பவங்கள் ஐரோப்பாவில் பதிவாகியிருக்கின்றன. வீட்டில் பூனை வளர்ப்பவர்களும் கவனியுங்கள். மருந்து பட்ட இடத்தை நக்கினாலே பூனையின் உயிருக்கு ஆபத்து.

எட்டு மாதமாகப் போடுகிறேன், பலன் தெரிகிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போய் முடியிறக்க வேண்டும், தாடியும் சேர்த்து. வளர்ந்ததெல்லாம் போய்விடுமா? – வாசகர், குன்றக்குடி

போகாது. சவரக்கத்தி தோலுக்கு வெளியே இருப்பதைத்தான் எடுக்கிறது, வேர் அப்படியே இருக்கும். நடக்கிற நாட்களில் மருந்தை விட்டுவிடுங்கள். வியர்வையில் அது கண்ணுக்கும் கழுத்துக்கும் வழியும். நடந்து கால் வீங்கினால் அது நடையால் வந்ததா மருந்தால் வந்ததா என்று தெரியாமல் குழம்பவும் வேண்டியிருக்காது. ஒரு வாரம் பத்து நாள் விடுவதால் எட்டு மாத உழைப்பு வீணாகாது. முடியிறக்கிய பிறகு கீறல்கள் ஆறும்வரை பொறுத்து, பழைய அளவிலேயே தொடருங்கள். விட்ட நாட்களுக்குச் சேர்த்து இரட்டிப்பாகப் பூச வேண்டாம்.

முழுவதும் நிறுத்துவதை மட்டும் இப்போது யோசிக்காதீர்கள். கறுத்துத் தடித்த முடி நிறுத்திய பிறகும் நிற்க வாய்ப்புண்டு, பூனைமுடியாகவே இருப்பது சில மாதங்களில் உதிர்ந்துவிடும். மேலே சொன்ன தேவகோட்டை இளைஞர் பதினான்காம் மாதம் நிறுத்தினார். காதோரம் நின்றது, கன்னத்து நடுவில் கொஞ்சம் குறைந்தது.