மேக்கில் விண்டோஸ் கீபோர்டு: ஸ்கிரீன்ஷாட் எந்தக் கீயில்?

"மேக்கில் விண்டோஸ் கீபோர்டு மாட்டியிருக்கிறேன். கமாண்ட் கீ இல்லையே, ஸ்கிரீன்ஷாட் எப்படி எடுப்பது?"

விண்டோஸ் சின்னம் போட்ட கீதான் மேக்குக்குக் கமாண்ட். கீபோர்டு அனுப்புவது ஒவ்வொரு கீக்கும் உரிய எண்ணை மட்டுமே. மேலே அச்சிட்ட பெயர் கணினிக்குத் தெரியாது. லிஃப்ட் பொத்தானில் வேறு ஸ்டிக்கர் ஒட்டினாலும் அதே மாடிக்குத்தானே போகும்?

ஆக, ஷிஃப்ட், விண்டோஸ் கீ, மேல்வரிசை 3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் முழுத்திரையும் படமாகி டெஸ்க்டாப்பில் வந்து உட்காரும். ஒரு பகுதி போதுமென்றால் 3-க்குப் பதில் 4. அம்புக்குறி கூட்டல் குறி போல மாறும், அப்புறம் வேண்டிய இடத்தை இழுத்துத் தேர்ந்தெடுங்கள். குறி மாறவே இல்லையா? விண்டோஸ் கீக்குப் பதில் Alt-ஐ அழுத்திப் பாருங்கள், அமைப்புகளில் யாராவது இரண்டையும் இடம் மாற்றியிருக்கலாம்.

PrtSc வேலை செய்யாததால் கீபோர்டு பழுது என்று நினைக்க வேண்டாம்; மேக் அதை F13 என்று எடுத்துக்கொள்கிறது, அந்தக் கீக்கு அங்கே ஸ்கிரீன்ஷாட் வேலை ஒதுக்கப்படவில்லை.