தீபாவளிக்குப் பிள்ளை யாரிடம்? சிங்கப்பூரில் விவாகரத்து ஒப்புதல் ஆணை பற்றி செல்வி அக்காவிடம் கேள்வி பதில்

குமார், செங்காங்: மகளுக்கு 7 வயது. அம்மாவோடு இருப்பாள், நான் "நியாயமான நேரம்" பார்க்கலாம் என்று டிராப்டில் இருக்கிறது. போதுமா அக்கா?

போதாது தம்பி. இன்று பேச்சுவார்த்தை நன்றாகப் போகிறது, அதனால் அந்த வார்த்தை போதும்போலத் தெரியும். ஒருநாள் வாக்குவாதம் வந்தால் எது நியாயம் என்று ஆளுக்கொன்று சொல்வீர்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று எழுதாததை மீறினார் என்று கோர்ட்டில் காட்டவும் முடியாது.

ஜாயிண்ட் கஸ்டடி, அதாவது பெரிய முடிவுகளை இருவரும் சேர்ந்து எடுப்பது; கேர் அண்ட் கண்ட்ரோல், அதாவது அன்றாடப் பராமரிப்பு, அம்மாவுக்கு என்று வைத்துக்கொள்வோம். ஆக்சஸ், அதாவது பிள்ளை உங்களோடு இருக்கும் நேரம், சனி காலை 10 முதல் ஞாயிறு மாலை 6 வரை, ஒப்படைப்பது அம்மா வீட்டு புளோக்கின் கீழ்த்தள வாய்ட் டெக்கில். தீபாவளி ஒற்றைப்படை ஆண்டில் உங்களுக்கு, இரட்டைப்படை ஆண்டில் அம்மாவுக்கு. பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அம்மாவின் ஆண்டு. சனி இரவு பிள்ளை உங்கள் வீட்டில். விடியற்காலை எண்ணெய்க் குளியல் யார் வீட்டில்?

அதனால் பண்டிகையை முந்தின நாள் மாலை 6 முதல் தீபாவளி இரவு 8 வரை என்று எழுதுங்கள். கூடவே ஒரு வரி: பண்டிகை ஏற்பாடும் வார ஏற்பாடும் மோதினால் பண்டிகையே நிற்கும். பள்ளி விடுமுறைக்கும் இதே வரி தேவைப்படும்.

குமார்: அப்போ நான் இழக்கும் அந்த ஞாயிறுக்கு ஈடு? திங்கள் 9-ம் தேதியும் லீவுதானே?

அதைக் கேட்டு வாங்கலாம். சிலர் தருவார்கள், சிலர் தரமாட்டார்கள். ஒரு திங்களுக்காக முழு உடன்பாட்டையும் நிறுத்தாதீர்கள் என்பேன்.

மீனா, யீஷூன்: இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாலே ஆர்டர்தானே?

பாதி சரி. கையெழுத்து உங்கள் சம்மதம். நீதிபதி ஏற்ற பிறகுதான் அது ஆணை. பிள்ளையின் நலனுக்கு ஒத்துவராது என்று பட்டால் திருத்தச் சொல்வார்.

பெயர் வேண்டாம்: முன்னாள் கணவர் 3 மாதமாகச் செலவுப் பணம் தரவில்லை. சனிக்கிழமை பிள்ளையை அனுப்புவதை நிறுத்திவிட்டேன். முதலில் மீறியது அவர்தானே?

அவர் மீறியது பணத்தை. அதற்குத் தனியாக மனு போடலாம், தாமதிக்காமல் போடுங்கள் அம்மா. பிள்ளையை அனுப்பாதது உங்கள் மீறல் ஆகிவிட்டது. விட்டுப்போன நேரத்தை ஈடுசெய்யும்படி கோர்ட் சொல்லலாம், ஆணையை மீறமாட்டேன் என்று பாண்ட் எழுதித் தரவும் சொல்லலாம். இந்தச் சனிக்கிழமையிலிருந்து அனுப்புங்கள்.

ரஹீம்: நாங்கள் இருவரும் முஸ்லிம், முஸ்லிம் முறைப்படி திருமணம். இதே படிவமா?

உங்கள் விவாகரத்து ஷரியா நீதிமன்றத்தில் தம்பி. படிவம் வேறு, நாள் நேரம் எழுதும் விதம் இதேதான்.

குமார்: கடைசியாக ஒன்று. ஜூன் லீவில் சென்னைக்கு அழைத்துப் போகலாமா?

கேர் அண்ட் கண்ட்ரோல் உள்ளவர் ஒரு மாதத்துக்குக் குறைவாக அழைத்துப் போகலாம். உங்களுக்கு அவருடைய எழுத்துச் சம்மதமோ கோர்ட் அனுமதியோ வேண்டும். அந்தச் சம்மதத்தை இப்போதே டிராப்டில் வாங்குங்கள்: எத்தனை நாள், எவ்வளவு முன்னால் சொல்வது, ரிட்டர்ன் டிக்கெட் நகல், பாஸ்போர்ட் எப்போது கைமாறும், எப்போது திரும்பும். பெரும்பாலும் பாஸ்போர்ட்டில்தான் சிக்கும்.