தலைவர் ஒருவரே பேசும் குழுக் கலந்துரையாடல்

களப்பு மீனவர்களுடன் போகஸ் குரூப் கலந்துரையாடல் நடத்தப் போகிறேன். எத்தனை பேரை அழைப்பது? ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

6 முதல் 8 பேர் போதும். 10 பேர் வந்தால் 90 நிமிடத்தில், கேள்வி கேட்கும் நேரம் போக, ஒருவருக்கு 9 நிமிடம்கூடக் கிடைக்காது என்பதால், பேச்சில் வல்லவரே அதை நிரப்பிவிடுவார். குறிப்பெடுக்க இன்னொருவரை வைத்துக்கொண்டால்தான் நெறிப்படுத்துபவர் முகங்களைக் கவனிக்க முடியும். கேட்பதும் பேச்சைப் பகிர்ந்துவிடுவதுமே அவர் வேலை, தன் கருத்தைச் சொல்வதல்ல.

மட்டக்களப்பு வாவிக் கரையோரக் கிராமம் ஒன்றில் 7 பேருடன் அமர்ந்து, மீன்குஞ்சுகளையும் பிடித்துவிடும் சின்னக்கண் வலை பற்றிக் கேட்டபோது, மீனவர் சங்கத் தலைவர், "சின்னக்கண் வலை இஞ்ச ஒருத்தரும் பாவிக்கிறல்ல" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அதை உடன்பாடென்று எழுதியிருந்தால் தவறியிருப்பேன், ஏனெனில் எவரும் சொந்த அனுபவம் எதையும் சேர்க்காமல், "தலைவர் சொன்னது சரிதான்" என்று மட்டுமே சொன்னார்கள்.

தேநீர் இடைவேளைக்குப் பின் தலைவரை என் பக்கத்து நாற்காலிக்கு மாற்றினேன். எதிரே இருப்பவரைப் பார்த்தே நாம் கேட்பதால், பக்கத்தில் இருப்பவருக்குப் பேச அழைப்புக் குறைவாகவே கிடைக்கும். பிறகு, "தலைவர் சொன்னதக் குறிச்சிட்டம், இனித் தோணியில போற அண்ணாக்கள் சொல்லுங்க" என்றேன். பேசும் முன் ஒவ்வொருவரும் பெயரில்லாத் துண்டில், சின்னக்கண் வலையைக் கண்டிருந்தால் ஒரு கோடு இழுக்கும்படி கேட்டேன். நான்கு துண்டுகளில் கோடு இருந்தது.

ஆனாலும் தலைவரின் பதவிக்கு மற்றவர்கள் அஞ்சுவதை இருக்கை மாற்றம் முழுதாகத் தீர்க்காது. தலைவரைத் தனியே நேர்காண்பதே நல்லது. அதை ஆள் சேர்க்கும்போதே தீர்மானித்துவிடுங்கள்.