எத்தனை கையெழுத்து வேண்டும்?

கேள்வி: நியூசிலாந்தில் இரண்டே வருடத்தில் வந்த ஜி.எஸ்.டி. நம் நாட்டுக்கு வர 11 வருடம் ஆனது. நம் தலைவர்களுக்குத் துணிச்சல் இல்லை என்பதைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: துணிச்சலை விடுங்கள். உங்கள் ஊரிலேயே பூட்டிக் கிடக்கிற பங்கு வீடுகளைப் பாருங்கள். மழை வளவுக்குள் ஒழுகுகிறது, தேக்கு உத்தரம் உளுத்துப் போகிறது. ஓடு மாற்றப் பணம் போட ஒரு பங்காளி தயாராகத்தான் இருப்பார். ஆனால் சென்னையில் மூன்று பேர், மலேசியாவில் இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் வீடு இருந்தபடியே இருக்கும். பணம் போட வந்தவரைத் துணிச்சல் இல்லாதவர் என்று சொல்வீர்களா?

இப்படி யாருடைய சம்மதம் இல்லாமல் எதையும் மாற்ற முடியாதோ, அவரை அரசியல் ஆய்வாளர்கள் ‘வீட்டோ பிளேயர்’ என்பார்கள். ஜார்ஜ் செபெலிஸ் என்ற அறிஞர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். தலைகளை எண்ணினால் மட்டும் போதாது என்பதுதான் அவர் சொன்னதில் முக்கியமானது. ஒரே எண்ணமுள்ள இரண்டு பங்காளிகள் ஒருவருக்குச் சமம். எண்ணம் எட்ட இருக்கிற இருவரோ, இருவராக இருந்தும் வீட்டை முடக்கிவிடுவார்கள்.

இப்போது நியூசிலாந்துக்கு வாருங்கள். அங்கே மேலவை 1951 தொடக்கத்தோடு ஒழிந்தது. வரியில் பங்கு கேட்கும் மாநிலங்களும் கிடையாது. 1984 ஜூலையில் தொழிற்கட்சி தனியாகவே ஆட்சியைப் பிடித்தது. நிதியமைச்சர் ரோஜர் டக்ளஸ் அந்த நவம்பரில் அறிவித்தார். 1986 அக்டோபர் 1 அன்று 10 சதவீத வரி வந்துவிட்டது. ஆளுங்கட்சி சம்மதித்தால் போதும், வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நம் கதை 2006 பிப்ரவரியில் தொடங்குகிறது. நிதியமைச்சர் ப. சிதம்பரம், நம் சிவகங்கைத் தொகுதிக்காரர், 2010 ஏப்ரல் 1 என்று தேதி குறித்தார். ஆனால் பொருள் விற்பனைக்கு வரி போடும் உரிமை மாநிலங்களுடையது, சேவை வரி மத்திய அரசுடையது. இரண்டையும் சேர்க்க அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டும். மக்களவையிலும் மாநிலங்களவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு, அப்புறம் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல். 2011இல் மசோதா வந்தபோது, குஜராத் உட்பட பா.ஜ.க. ஆண்ட மாநிலங்கள் எதிர்த்தன. 2014இல் மக்களவை கலைந்ததும் அது காலாவதியாகிவிட்டது.

இனிதான் கவனிக்க வேண்டிய இடம். ஆட்சி மாறியது. எதிர்த்த பா.ஜ.க.வே மசோதாவைக் கொண்டுவந்தது. 2015 மே மாதம் மக்களவையில் நிறைவேற்றியும்விட்டது. ஆனால் மாநிலங்களவையில் அதற்குப் பெரும்பான்மை இல்லை. ஒருகாலத்தில் இதே வரியைக் கொண்டுவர நினைத்த காங்கிரஸ் அங்கே தடுத்து நின்றது. இரண்டு கட்சியிலும் மனிதர்கள் அதே மனிதர்கள்தான். உட்கார்ந்த நாற்காலிதான் மாறியிருந்தது.

முடிச்சு அவிழ்ந்தது எப்படி? மசோதாவையே மறுப்பவர்கள் பக்கம் நகர்த்தினார்கள். காங்கிரஸ் எதிர்த்த 1 சதவீதக் கூடுதல் வரியைக் கைவிட்டார்கள். மாநிலங்களுக்கு ஐந்து வருட இழப்பீட்டை உறுதி செய்தார்கள். 2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையில் ஆதரவாக 203 ஓட்டு, எதிராக ஒன்றும் இல்லை. அ.தி.மு.க. மட்டும் வெளிநடப்பு செய்தது. பொருளைத் தயாரிக்கிற மாநிலத்தை விட்டு, வாங்குகிற மாநிலத்துக்கு வரி போகிறதே என்பது தமிழ்நாட்டின் கவலை. அது நியாயமான கவலை என்றே இன்றும் நினைக்கிறேன். அதைக் கேட்க ஓர் இடம் இருந்ததே அந்தத் தாமதத்தால்தான்.

வேகத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். நியூசிலாந்தில் அதே ஒற்றைச் சம்மதத்தில் 1989இல் வரி 12.5 சதவீதமாக ஏறியது. 1993இல் அந்நாட்டு மக்கள் பொதுவாக்கெடுப்பில் தேர்தல் முறையையே மாற்றி விகிதாசார முறையைக் கொண்டுவந்தார்கள். அதன்பின் ஒரே கட்சி தனியாக ஆட்சி அமைப்பது அங்கே அரிதாகிவிட்டது.

பெட்ரோல் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வராததற்கும் இதே கணக்குதான். இதற்குச் சாசனத் திருத்தம்கூட வேண்டாம், ஜி.எஸ்.டி. மன்றம் தேதி குறிக்க வேண்டும். அங்கே எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். மத்திய அரசின் ஓட்டு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுடையது எல்லாம் சேர்ந்து மூன்றில் இரண்டு. அதாவது மத்திய அரசு இல்லாமல் மாநிலங்களால் முடியாது, மாநிலங்கள் இல்லாமல் மத்திய அரசாலும் முடியாது. பெட்ரோல் வரியிலோ இரு தரப்புக்கும் பெரிய வருமானம் இருக்கிறது.