பசு திடீரென்று தீனை விட்டு, பாலும் வற்றினால் கால்நடை வைத்தியருக்கு என்ன எழுதுவது?

கேள்வி: எங்கட மாடு நேற்றிலிருந்து ஒண்டும் தின்னுதில்லை, பாலும் சடாரெண்டு குறைஞ்சிட்டுது. கால்நடை வைத்தியருக்கு விபரமா எழுதி அனுப்பச் சொல்லீனம். என்னென்ன எழுத வேணும்? இடம் யாழ்ப்பாணம்.

பதில்:

"பால் குறைஞ்சிட்டுது, தின்னுதில்லை" என்று மட்டும் எழுதினால் அது பத்து நோய்க்குப் பொருந்தும். எந்த நேரத்தில் எது எவ்வளவு குறைந்தது, அதற்கு முதல்நாள் கொட்டிலைச் சுற்றி என்ன நடந்தது என்று எழுதினால்தான் வைத்தியர் இன்றே வருவதா, வரும்போது எதைக் கொண்டு வருவது என்று முடிவெடுக்கலாம். ஒரு மாதிரிக் கடிதம் கீழே. கம்பி விழுங்கிய மாட்டை வைத்து எழுதியிருக்கிறேன், ஏனென்றால் பாலும் தீனும் ஒரே நாளில் விழுவதற்கு அது முக்கியமான காரணங்களில் ஒன்று. பிந்தினால் மாடு தப்பாமல் போகலாம்.

> மதிப்புக்குரிய வைத்தியர் ஐயா,
>
> ஜேர்சிக் கலப்புப் பசு, வயது 6. மூன்றாம் கன்று போட்டு மூன்றரை மாதம். அதன் பிறகு சினை ஊசி போடவில்லை.
>
> ஞாயிறு வரை காலையில் 5 லீற்றர், மாலையில் 3 லீற்றர் தந்தது. திங்கள் காலை 2 லீற்றர், மாலை 1 லீற்றர். இன்று செவ்வாய் காலை அரை லீற்றரும் இல்லை.
>
> திங்கள் காலை புண்ணாக்குத் தவிட்டை முகர்ந்துவிட்டு விலகியது. வைக்கல், புல், குழை எதையும் தொடவில்லை. தண்ணீர் கொஞ்சம் குடிக்கிறது. இரை மீட்கக் காணவில்லை. இடப்பக்க விலாக்குழியில் 2 நிமிடம் கை வைத்துப் பார்த்தோம், ஒரு தடவைதான் மெதுவாக அசைந்தது. சாணம் குறைவு, இறுக்கம்.
>
> காய்ச்சல்: திங்கள் காலை 103.6, மாலை 104, இன்று காலை 103.2 பாகை பரனைட்.
>
> முதுகை வளைத்து, முன்னங்கால்களை அகட்டி நிற்கிறது. நடக்க மறுக்கிறது. படுக்கும்போதும் சாணம் போடும்போதும் முனகுகிறது. முதுகைக் கிள்ளினால் கீழே தாழ்த்தவில்லை.
>
> நாலு காம்பின் முதற்பாலையும் கறுப்புத் தட்டில் பீச்சிப் பார்த்தோம். திரளை இல்லை, மடியில் சூடோ வீக்கமோ இல்லை.
>
> சனிக்கிழமை வேலி பிரித்துக் கட்டினோம். கட்டுக்கம்பித் துண்டுகள் வைக்கல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் கிடந்தன.
>
> இதுவரை மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

பால் கணக்கை லீற்றரில் எழுதுங்கள். போத்தலில் அளப்பவர்கள் எத்தனை மில்லிலீற்றர்ப் போத்தல் என்றும் சேர்த்து எழுத வேண்டும். காலை, மாலை தனித்தனியாக இருப்பது முக்கியம். ஒரு கிழமையாகப் படிப்படியாகக் குறைந்தால் யோசனை வேறு பக்கம் போகும்; ஒரே கறவையில் பாதிக்குக் கீழே விழுந்தால் வைத்தியர் வலியையும் காய்ச்சலையும் முதலில் நினைப்பார்.

கன்று போட்ட காலமும் அதேபோலப் பிரித்துக் காட்டும். போட்டு ஓரிரு நாளில் காது குளிர்ந்து மாடு படுத்துவிட்டால் அது கல்சியக் குறைபாடாக இருக்கலாம். முதல் ஆறு கிழமைக்குள் புண்ணாக்கை மறுத்து வைக்கலை மட்டும் தின்று, காய்ச்சலும் இல்லாமல், மூச்சில் இனிப்பு வாடை வந்தால் உடம்புக்குச் சக்தி போதாமல் வரும் கீற்றோசிஸ் நோய் என்று நினைக்க இடமுண்டு. அதனால் "தின்னுதில்லை" என்று ஒரேயடியாக எழுதாமல், எதை முதலில் விட்டது, எதை இன்னும் தின்கிறது என்று எழுதுங்கள். மேலே உள்ள மாடு எல்லாவற்றையும் ஒன்றாக விட்டது; கன்று போட்டும் மூன்றரை மாதம். ஆகவே இந்த இரண்டும் பின்னுக்குப் போகும்.

காய்ச்சல் பார்க்க மனிதருக்குப் பாவிக்கும் டிஜிற்றல் வெப்பமானி போதும். நுனியில் எண்ணெய் தடவி, ஆசனவாயில் உள்ளே விட்டு, சுவரில் படும்படி சரித்துப் பிடியுங்கள். நடுவில் சாணத்துக்குள் குத்தி நின்றால் அளவு பிழைக்கும். பசுவுக்குச் சாதாரணம் ஏறத்தாழ 101.5 பாகை பரனைட். எங்கள் மத்தியான வெயிலில் நிற்கும் மாட்டுக்கு நோயில்லாமலே ஏறிக் காட்டும் என்பதால் விடியப் பாருங்கள், நேரத்தையும் எழுதுங்கள். வயிற்றசைவுக்கு இடப்பக்க விலாக்குழியில் முட்டியை அழுத்தி வைத்தால் கை தள்ளப்படுவது தெரியும். நல்ல மாட்டில் 2 நிமிடத்தில் இரண்டு மூன்று தடவையாவது தள்ளும்.

முதுகைக் கிள்ளிப் பார்ப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல சோதனை. தோளுக்குப் பின்னால் முதுகுத் தோலை இரண்டு கையாலும் இறுக்கிக் கிள்ளினால் சுகமான மாடு முதுகைக் கீழே தாழ்த்தும். நெஞ்சுக்கூட்டுப் பக்கம் வலி உள்ள மாடு தாழ்த்தாமல் விறைத்து நிற்கும், சிலவேளை முனகும்.

இந்த வலி எங்கிருந்து வருகிறது? மாடு நாக்கால் வளைத்து அள்ளி, மெல்லாமல் விழுங்கும். மெல்லுவது பிறகு இரை மீட்கும்போதுதான். கம்பித்துண்டு பாரம் என்பதால் வயிற்றின் முன் அறையில், தேன்கூடு போன்ற மடிப்புகளில், தங்கிவிடும். அந்த அறை சுருங்கும்போது கம்பி சுவரைக் குத்தும். அதற்கு முன்னால் பிரிமென்றகடு, அதற்கு அப்பால் இதயம். இடையில் உள்ள தூரம் சில அங்குலம்தான்.

கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று: காய்ச்சலும் முதுகு வளைவும் முதல் நாளில்தான் தெளிவாகத் தெரியும். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் தணிந்து, மாடு கொஞ்சம் தின்னவும் தொடங்கலாம். சுகம் வந்ததென்று விட்டால் கம்பி உள்ளே நகர்ந்துகொண்டிருக்கும். கிழமைகள் கழித்து முன்நெஞ்சுத் தொங்கலில் நீர் கோத்து, கழுத்து நரம்பு புடைத்து நின்றால் இதயப்பை பழுதாகிவிட்டது. அந்தக் கட்டத்தில் செய்வதற்கு அதிகமில்லை. முதல் நாளின் அளவுகளைத் திகதியோடு எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வேலி, கூரை, வீடு கட்டும் வேலை எதுவும் நடந்திருந்தால் கட்டாயம் எழுதுங்கள். "கம்பி விழுங்கியிருக்கும்" என்று தீர்ப்பு எழுதத் தேவையில்லை. கம்பி கிடந்தது என்றால் போதும். அதேபோல வீட்டு விசேஷத்தில் மிஞ்சிய சோறோ அரிசிமாவோ அதிகம் தின்றிருந்தாலும் மறைக்க வேண்டாம். அது வேறு நோய், ஆனால் கடிதத்துக்குக் காத்திராமல் உடனே தொலைபேசியில் சொல்ல வேண்டிய நோய். இடப்பக்கம் மேளமாக ஊதினாலும், மாடு எழும்ப மாட்டாமல் கிடந்தாலும் அப்படித்தான்.

வைத்தியர் வரும்வரை எண்ணெயோ கஷாயமோ வாயில் ஊற்றாதீர்கள். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும்போது நுரையீரலுக்குள் போய்விடலாம். நடக்கவும் விடாதீர்கள். முன்னங்கால்கள் அரை அடி உயரத்தில் நிற்கும்படி மண் போட்டுக் கட்டினால் வயிறு பின்னுக்குச் சரிந்து, கம்பி முன்னே தள்ளப்படுவது குறையும்.

இந்த நோய்தான் என்று கண்டால் வைத்தியர் வழக்கமாக ஒரு காந்தத்தை வாய்வழியாக விழுங்க வைத்து, நுண்ணுயிர்க்கொல்லி ஊசியும் போடுவார். காந்தம் இரும்பைத்தான் பிடிக்கும். செப்புக் கம்பி என்றால் பயனில்லை, ஆகவே கிடந்த துண்டில் ஒன்றை எடுத்து வைத்துக் காட்டுங்கள். ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று நாளும் அதே முறையில் பால், காய்ச்சல், தீன் மூன்றையும் குறித்து அவருக்கு அனுப்புங்கள். அதற்குள் தீன் திரும்பாவிட்டால் வயிற்றைத் திறந்து கம்பியை எடுப்பதா என்று அவர் தீர்மானிப்பது அந்தக் குறிப்பை வைத்துத்தான்.