ஓடுவதற்கு ஒரு துணி, காத்திருப்பதற்கு ஒரு துணி

"அண்ணா, கோயம்புத்தூரிலிருந்து ஜெர்சி சிட்டிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. நவம்பரில் நியூயார்க் மாரத்தான், எனக்கு முதல் மாரத்தான். நாலாவது அலை, அதாவது நாலாவது கூட்டமாக 10:55-க்குப் புறப்பாடு, ஏழு மணி ஃபெர்ரி கொடுத்திருக்கிறார்கள். ஐந்து மணி நேரத்தில் முடித்தால் போதும். குளிரை நினைத்தால்தான் பயம். என்ன போட்டுக்கொள்வது, முந்தின நாள் ராத்திரி என்னென்ன எடுத்து வைப்பது?"

தம்பி, நீங்கள் பயப்படும் குளிர் ஓடும்போது இருக்காது. ஓடுவதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பீர்களே, அப்போதுதான் இருக்கும். நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஓடி, ஆறாவது மைலில் வியர்த்துக் கொட்டுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன்.

உங்கள் காலை எப்படிப் போகும் என்று பாருங்கள். ஜர்னல் ஸ்கொயரில் பாத் ரயிலைப் பிடித்து வேர்ல்டு டிரேடு சென்டர், அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ஃபெர்ரித் துறை. கடலைக் கடக்க 25 நிமிடம். ஸ்டேட்டன் ஐலண்டில் இறங்கியதும் பஸ்ஸுக்கு வரிசை, பிறகு சோதனை வாசல். புறப்படும் இடமான ஃபோர்ட் வாட்ஸ்வொர்த் போய்ச் சேர எட்டரையோ ஒன்பதோ ஆகிவிடும். அது திறந்த வெளி, பக்கத்திலேயே கடல், காற்று வீசிக்கொண்டே இருக்கும். புல்லெல்லாம் பனி ஈரம். நவம்பர் தொடக்கத்தில் காலை வெப்பம் பெரும்பாலும் 10 டிகிரிக்குக் கீழேதான். உட்கார்ந்திருப்பவனுக்கு அது நடுக்கம், ஓடுகிறவனுக்கோ சுகம்.

அதனால் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் செட்டுக்கு அரைக்கை டி-ஷர்ட், ஷார்ட்ஸ், மெல்லிய கையுறை, ஒரு கேப் போதும். ஓட ஆரம்பித்து இருபது நிமிடத்தில் வெளியே இருப்பதைவிட ஏழெட்டு டிகிரி கூடுதலாக உடம்புக்குத் தெரியும். புறப்படும் இடத்தில் லேசாகக் குளிர்ந்தால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பருத்தி மட்டும் வேண்டாம். வியர்வையைக் குடித்துக் கனத்துப்போகும், தோலை அறுக்கும். வாரக் கணிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2022-இல் மதியம் 20 டிகிரியைத் தாண்டிவிட்டது, அன்றைக்குக் கையுறைக்கு வேலையே இல்லை.

காத்திருக்கும் செட், திரும்ப வீட்டுக்கு வராத செட். பழைய துணிக் கடையில் ஐந்தாறு டாலருக்குக் கனமான ஸ்வெட்டரும் தொளதொள பேண்ட்டும் கிடைக்கும். ஷூவைக் கழற்றாமலே பேண்ட் கழல வேண்டும், வாங்கும்போதே போட்டுப் பாருங்கள். குளித்துவிட்டுப் போட்டுக்கொள்ளும் டவல் கோட்டில் கூட நிறையப் பேர் வருவார்கள், யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். கழற்றிய துணியைப் போடப் பெட்டிகள் இருக்கும், அது தானத்துக்குப் போகிறது. உட்கார ஒரு அட்டை, மழை வந்தால் தலையும் கையும் நுழைய ஓட்டை போட்ட பெரிய குப்பைப் பை. ஷூவுக்கு மேலே மாட்டிக்கொள்ள இரண்டு ரொட்டிப் பை. கடைசியாகச் சொன்னதைச் சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். புறப்படும் முன்பே சாக்ஸ் நனைந்தால் பத்தாவது மைலில் கொப்புளம்.

இப்போது என் கதை. முதல் வருடம் பிப்பை, அதாவது நெஞ்சில் குத்தும் எண் அட்டையை, ஸ்வெட்டர் மேலே குத்திக்கொண்டேன். புறப்படும் இடத்தில் கழற்றலாம் என்று நினைப்பு. திடீரென்று கூட்டம் நகர்ந்தது, பீரங்கி வெடித்தது, நான் வெரசானோ பாலத்தின் மேல். முதல் மைல் முழுக்க ஏற்றம், உள்ளே அடுப்பு மாதிரிச் சூடு. பாலத்தின் ஓரமாக ஒதுங்கி நின்று, விறைத்த விரலால் நாலு ஊக்கையும் கழற்றி டி-ஷர்ட்டில் மாற்றிக் குத்துவதற்குள் ஒரு ஊக்கு கீழே விழுந்து போயிற்று. மீதித் தூரம் பூராவும் அட்டை ஒரு மூலையில் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. அதனால் முந்தின நாள் சனிக்கிழமையே ஓடும் டி-ஷர்ட்டில் நாலு மூலையும் குத்திவிடுங்கள். டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு யாரையாவது குத்தச் சொன்னால்தான் சரியான இடத்தில் வரும். நேரம் பதியும் சில்லு அட்டையின் பின்னால்தான் இருக்கிறது, மடிக்காதீர்கள். அவசரத் தொடர்பு எண், மருந்து ஒவ்வாமை எல்லாவற்றையும் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

அந்த அட்டையை ஜேவிட்ஸ் சென்டர் கண்காட்சி அரங்கில் நீங்களே போய் வாங்க வேண்டும், ஓடும் அன்று கொடுக்க மாட்டார்கள். வியாழனோ வெள்ளியோ போங்கள். சனிக்கிழமை போனால் கடை கடையாக மூன்று மணி நேரம் நடந்து காலைக் கெடுத்துக்கொள்வீர்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்த இடத்தில் இருக்கிறதோ அப்படியே பதிவு செய்திருக்கிறீர்களா என்று இப்போதே பாருங்கள். நம் இனிஷியல் கதை இவர்களுக்குப் புரிய வைப்பது தனி மாரத்தான். அங்கே தரும் கண்ணாடி மாதிரிப் பையில்தான் பொருளைப் புறப்படும் இடத்துக்குக் கொண்டுபோகலாம். முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பைக்கு அனுமதி இல்லை, இடுப்புப் பெல்ட் போதும்.

சரி, அடுத்தது உரசல். தொடை இடுக்கு, அக்குள், பாதவிரல் இடுக்கு எல்லா இடத்திலும் வாசலின் தாராளமாகத் தடவுங்கள். மார்புக் காம்பில் பேண்ட்-எய்ட் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இருபதாவது மைலில் டி-ஷர்ட்டில் இரண்டு ரத்தக் கோடு நிற்கும். தேங்காய் எண்ணெய் ஒரு மணி நேரம்கூட நிற்காது. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அரைஞாண் கயிறு கட்டியிருந்தால், ஷார்ட்ஸின் எலாஸ்டிக்கும் கயிறும் சேர்ந்து ஐந்து மணி நேரம் இடுப்பை அறுக்கும். வீட்டில் ஒத்துக்கொண்டால் அன்றைக்கு அவிழ்த்து வையுங்கள். இல்லையென்றால் முடிச்சு இருக்கும் இடத்தில் மருந்துக்கடை டேப் ஒட்டிவிடுங்கள். என் மனைவி ஓடும்போது தாலிச் சங்கிலியை இதே டேப்பால் நெஞ்சோடு ஒட்டிக்கொள்வாள்.

ஷூ புதிதாக இருக்கக் கூடாது. அதே ஷூ, அதே சாக்ஸ் போட்டு ஒரு நீண்ட ஓட்டமாவது முடித்திருக்க வேண்டும். ஜேவிட்ஸில் பளபளவென்று விற்பதை வாங்கினால் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நகத்தை வியாழக்கிழமையே வெட்டிவிடுங்கள். முந்தின ராத்திரி ஒட்ட வெட்டினால் வலிக்கும்.

ஜெல் கணக்கு, அதாவது ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் சர்க்கரைக் கூழின் கணக்கு. உங்கள் ஐந்து மணி நேரத்துக்கு 40-ஆவது நிமிடத்தில் முதல் ஜெல், பிறகு ஒவ்வொரு 40 நிமிடத்துக்கும் ஒன்று. அப்படிப் போனால் 280-ஆவது நிமிடம் வரை ஏழு வரும். கடைசி ஒன்றை வேண்டுமானால் விட்டுவிடலாம், ஆனால் ஏழும் பெல்ட்டில் இருக்கட்டும். வழியில் ஒன்றிரண்டு இடத்தில் தருவார்கள்தான், அந்த வகை உங்கள் வயிற்றுக்குப் பழக்கமா என்பதுதான் கேள்வி. ஜெல்லைத் தண்ணீரோடு சாப்பிடுங்கள். தண்ணீர் மேஜை ஏறக்குறைய மைலுக்கு ஒன்று வரும், அதற்காக ஒவ்வொன்றிலும் நின்று குடிக்காதீர்கள். மெதுவாக ஓடுகிறவர்கள் தாகமில்லாமல் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு இறங்கி மயக்கம் வரும், அது தண்ணீர்க் குறைவைவிட ஆபத்து. ஐபுப்ரொஃபென் மாத்திரையைப் பையில் எடுத்துவராதீர்கள். நீண்ட ஓட்டத்தில் அது சிறுநீரகத்துக்கு ஆகாது.

சனிக்கிழமை பெரிய சாப்பாட்டை மதியமே முடித்துவிடுங்கள். ராத்திரி ஆறரைக்குச் சோறு, ரசம், உருளைக்கிழங்கு. கீரை, கொண்டைக்கடலை, முழுப்பயறு எதுவும் வேண்டாம், அவை ஞாயிற்றுக்கிழமை நடமாடும் கழிப்பறை வரிசையில் வந்து கணக்குக் கேட்கும். காலையில் சாப்பாடு இரண்டு தடவை. வீட்டில் ஐந்து மணிக்கு ஒரு வாழைப்பழமும் காபியும். எட்டரை வாக்கில், அங்கே போய்ச் சேர்ந்ததும் நாலு இட்லி, கொஞ்சம் உப்பும் நல்லெண்ணெயும் தடவியது. மிளகாய்ப் பொடி வேண்டாம். அங்கே பேகல் தருவார்கள். பயிற்சியில் எது சாப்பிட்டு ஓடினீர்களோ அதுவே பத்திரம்.

அன்று ராத்திரி இன்னொரு விஷயம் நடக்கும், நம் ஊரில் இல்லாதது. நியூயார்க் மாரத்தான் நவம்பர் முதல் ஞாயிறு. அதே ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். உங்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் இலவசம். போன் தானாக மாறிவிடும், சமையலறை அடுப்புக் கடிகாரம் மாறாது. அடுப்புக் கடிகாரத்தை நம்பினால் மூன்றே முக்காலுக்கே எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள். போனில் 4:45-க்கு அலாரம் வையுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். வாட்சை முழுக்க சார்ஜ் போட்டு, கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாற்றுங்கள். வழியில் ஒவ்வொரு மைலுக்கும் பலகை இருக்கும், கிலோமீட்டர்ப் பலகை 5 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான்.

படுக்கும் முன் எல்லாவற்றையும் தரையில் ஓர் ஆள் படுத்திருக்கிற மாதிரி அடுக்குங்கள்: தலைக்குக் கேப், உடம்புக்கு அட்டை குத்திய டி-ஷர்ட், பக்கத்தில் கையுறை, கீழே சாக்ஸும் ஷூவும். போட்டுக்கொள்ளும் வரிசையில் பார்த்தால் விட்டுப்போனது கண்ணில் படும். எனக்கு இரண்டாம் வருடம் அப்படிக் கிடைத்தது ஒற்றைச் சாக்ஸ்.

கடைசியாக, முடிந்த பிறகு. 10:55-இல் கிளம்பி ஐந்து மணி நேரம் என்றால் சென்ட்ரல் பார்க்கில் நாலுக்குப் பக்கம். வெளியே வர நீண்ட நடை, நின்று நின்றுதான் நகரும். கடிகாரம் மாறிவிட்டதால் ஐந்துக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும், நனைந்த டி-ஷர்ட்டில் அப்போது வரும் குளிர் காலையில் பார்த்ததைவிட மோசம். அவர்கள் தரும் போர்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நண்பரிடம் ஸ்வெட்டர், பேண்ட், பெரிய அளவுச் செருப்பு மூன்றையும் சனிக்கிழமையே கொடுத்துவையுங்கள். குடும்பத்தார் சந்திக்க எழுத்துப் பலகைகள் வைத்திருப்பார்கள். உங்கள் பெயரின் முதல் எழுத்தில் கூட்டம் அதிகமாக இருக்கும், 'எக்ஸ்' பலகையின் கீழே நிற்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் போனில் யாருக்கும் சிக்னல் கிடைக்காது.